எண்பது பேரில் இருபது, இருபதில் ஒருவர்: ஒரு விகிதத்தை மனித உருவங்களால் காட்டுவது எப்படி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சனசமூக நிலையத்துக்கு டெங்குச் சுவரொட்டி ஒன்று செய்து தரும்படி கேட்டார்கள். போடவேண்டிய விஷயத்தை இரண்டு வரியில் எழுதியும் தந்திருந்தார்கள்: "டெங்கு வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 25 சதவீதமானோருக்கே நோய் வெளிப்படும். நோய் வெளிப்பட்டவர்களில் சுமார் 5 சதவீதமானோருக்குக் கடுமையான டெங்கு ஏற்படலாம்." இரண்டு வரியும் சரி. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடும் இதுதான்.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நிதானமாக வாசித்துவிட்டு, "அப்ப இருபத்தஞ்சு பேருக்கு வந்தா, அதில அஞ்சு பேருக்குக் கடுமையாகும் எண்டு சொல்லுது, என்ன தம்பி?" என்று கேட்டார். படித்தவர், கடைக் கணக்கை மனதிலேயே போடுகிறவர். ஆனாலும் இருபதில் ஒன்று அவருக்கு ஐந்தில் ஒன்றாகிவிட்டது. உண்மையைவிட நான்கு மடங்கு. அந்தப் பிழைக்குக் காரணம் அவர் அல்ல, எழுத்துதான். முதல் சதவீதம் தொற்றிய எல்லோரையும் சேர்த்துச் சொல்கிறது, இரண்டாவது நோயாளிகளை மட்டும் சேர்த்துச் சொல்கிறது. கூட்டம் நடுவில் மாறிவிட்டதை "நோய் வெளிப்பட்டவர்களில்" என்ற ஒரு சொல் மட்டும்தான் காட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சொல்லைக் கண் தாண்டிப் போய்விட்டது.

இந்த மாதிரிக் கணக்குக்குத்தான் ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வைக்கும் படவரைபு பொருந்துகிறது. அந்தச் சுவரொட்டியைச் செய்த விதத்தை முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் பிழைத்துப்போனவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கூட்டம், பிறகு படம்

கணினியைத் திறக்க முன், வசனத்தை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "யாரில்?" என்று எழுதுங்கள். இங்கே 25 சதவீதம் யாரில்? வைரஸ் தொற்றியவர்களில். கொழும்பு மக்களில் அல்ல, நுளம்பு கடித்தவர்களிலும் அல்ல. 5 சதவீதம் யாரில்? நோய் வெளிப்பட்டவர்களில். பள்ளிக்கூடத்தில் பின்னத்தின் கீழே வருவதைப் 'பகுதி' என்று படித்தோமே, அதைத்தான் இந்தக் கேள்வி தேடுகிறது. படம் பிழைத்தால் பத்துக்கு ஒன்பது முறை அங்கேதான் பிழைக்கிறது. மேலே உள்ள எண்ணை எல்லோரும் கவனமாக வரைகிறார்கள். கீழே உள்ள கூட்டத்தை வரைய மறந்துவிடுகிறார்கள், அல்லது வெறும் தாளாக விட்டுவிடுகிறார்கள். ஐந்து சிவப்பு உருவங்களை மட்டும் பெரிதாகப் போட்ட சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஐந்து பேர் எத்தனை பேருக்குள் ஐந்து என்று அந்தத் தாளில் எங்குமே இருக்காது.

அடுத்தது, எத்தனை உருவங்கள் என்று முடிவெடுப்பது. பழக்கத்தில் எல்லோரும் 100 வைப்பார்கள். 100 நல்ல எண்தான். சதவீதம் அப்படியே தலைகளாக மாறும். ஆனால் இங்கே 100 வைத்தால் நோய் வெளிப்பட்டவர்கள் 25, அதில் கடுமையாகிறவர்கள் 1.25 பேர். ஒருவரும் இன்னொருவரின் கால்வாசியும்! வெட்டிய உருவத்தைப் படத்தில் போடவே வேண்டாம். பார்க்கிறவர் எண்ணுவதை விட்டுவிட்டு, அந்த அரைகுறை மனிதனுக்கு என்ன ஆனது என்று யோசிப்பார். 1.25ஐ ஒன்றாக்கினால் இருபத்தைந்தில் ஒருவர் என்றாகிவிடும், நாம் சொல்ல வந்த இருபதில் ஒருவர் இல்லாமல் போய்விடும்.

ஆகவே கீழே இருந்து மேலே வந்தேன். கடுமையாகிறவர் 1 என்று வைத்துக்கொள்வோம். இருபதில் ஒன்று என்பதால் நோயாளிகள் 20. அந்த 20 பேர் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கு, ஆகவே தொற்றியவர்கள் 80. எல்லாமே முழு மனிதர்கள். வரிசைக்குப் பத்துப் பேராக நிறுத்தினால் எட்டு வரிசை. அதில் சரியாக இரண்டு வரிசை நோயாளிகள், ஆறு வரிசை அறிகுறியே இல்லாதவர்கள். எண் சரியாக அமைந்துவிட்டால் படம் பாதி வரைந்த மாதிரிதான்.

எதை வரைவது

என்னுடைய முதல் வரைவில் மனிதர்களுக்குப் பதிலாக நுளம்புகளை வைத்தேன். டெங்கு என்றால் நுளம்புதானே, பார்த்த உடனே விஷயம் புரியும் என்று நினைத்தேன். அதைக் கண்டவர்கள் எண்பது நுளம்பில் இருபது நுளம்பு கெட்டது என்று புரிந்துகொண்டார்கள். அவர்கள் அப்படி நினைத்ததில் தவறில்லை. படத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதைத்தான் எண்ணுகிறோம் என்று கண் எடுத்துக்கொள்ளும். எண்ணப்படுவது மனிதர்கள் என்றால் மனித உருவம்தான் வரவேண்டும். நுளம்பு, மழை, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் வேண்டுமானால் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு தடவை வரட்டும்.

இரண்டாவது வரைவில் ஆண், பெண், பிள்ளை என்று கலந்து வரைந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பு நிறம் விழுந்த உருவம் தற்செயலாக ஒரு பிள்ளையாகிவிட்டது. "சின்னப் பிள்ளையளுக்குத்தான் கடுமையா வரும் போல" என்று ஒரு தாய் சொன்னதும்தான் விளங்கியது. எண்பது உருவங்களுக்குள் ஒரு வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு ஓர் அர்த்தம் இருப்பதாகவே பார்க்கிறவர் எடுத்துக்கொள்கிறார். அதனால் எண்பதும் ஒரே அச்சு. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு நீள்சதுரம், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு எளிய உருவம். கழிவறைக் கதவில் இருக்கும் ஆண் உருவத்தை வைத்தால், ஆண்களுக்கு மட்டும் சொல்கிறார்களா என்று கேட்பார்கள்.

உருவங்களின் அளவும் ஒன்றாகவே இருக்கவேண்டும். "இருபது பேர்" என்பதைக் காட்ட ஒரே உருவத்தைப் பெரிதாக்கினால் கண் ஏமாறும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் கூடவே இரண்டு மடங்காகும், மொத்தப் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்க்கிறவர் உயரத்தை அளப்பதில்லை, பரப்பைத்தான் உணர்கிறார். வியன்னாவில் 1925இல் ஒட்டோ நொய்ராத் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது இதை அடிப்படை விதியாகவே வைத்துக்கொண்டார்: அளவு கூடினால் குறியைப் பெரிதாக்காதே, குறிகளின் எண்ணிக்கையைக் கூட்டு. பின்னர் ஐசோடைப் என்று பெயர் பெற்ற முறை இதுதான். அங்கே உருவங்களை வடிவமைத்தவர் கேர்ட் ஆர்ன்ட்ஸ். ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பவர் மாரி ரைடமைஸ்டர். நிபுணர் தரும் எண்களுக்கும் வரைகிறவரின் கைக்கும் நடுவில் நின்று, எதைச் சொல்வது, எதை விடுவது, எப்படி அடுக்குவது என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. எண்பதா நூறா என்ற நம் கேள்வியும் அந்த நடு வேலையைச் சேர்ந்ததுதான்.

அடுக்குவது

வரைய முன்பு எக்செல்லில் ஒரு மாதிரி போட்டுப் பார்ப்பது என் பழக்கம். A2இல் ஒரு வரிசையின் மொத்தத்தையும் (நமக்கு 10), B2இல் அந்த வரிசையில் நிரம்பவேண்டிய உருவங்களின் எண்ணிக்கையையும் போட்டு, C2இல் இதை எழுதுங்கள்:

```
=REPT("●",B2)&REPT("○",A2-B2)
```

கீழே எட்டு வரிசைக்கு இழுத்துவிடுங்கள். A இல் எட்டு வரிசைக்கும் 10. முதல் இரண்டு வரிசைக்கு B இல் 10, மற்ற ஆறுக்கும் 0. எழுத்துகள் எல்லாம் ஒரே அகலமுள்ள ஒரு எழுத்துருவை C நிரலுக்குக் கொடுத்தால் புள்ளிகள் நேராக நிற்கும். இரண்டு நிமிட வேலை. இந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதே விகிதம் மனதில் படியவில்லை என்றால், அழகான மனித உருவம் வந்து அதைக் காப்பாற்றாது.

நிறம் விழுந்தவர்களை ஒன்றாக அடுக்கவேண்டுமா, கூட்டத்துக்குள் சிதறவிடவேண்டுமா என்பது கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். சிதறவிட்டால் "யாருக்கு வரும் என்று தெரியாது" என்ற உணர்வு வருவது உண்மை. ஆனால் இருபது பேரை எண்பதுக்குள் தேடித் தேடி எண்ணவேண்டும். ஒருவரும் எண்ணமாட்டார்கள், வெறுமனே "நிறையப் பேர்" என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பொதுமக்களுக்கு என்றால் நான் ஒன்றாகத்தான் அடுக்குவேன். நாம் மேலே இடப்பக்கத்திலிருந்து வாசிக்கிறவர்கள், ஆகவே நோயாளிகளின் இரண்டு வரிசை மேலே. கடுமையாகிற அந்த ஒருவர் முதல் வரிசையின் இடது முனையில். அவர் இருபது பேருக்குள்தான் நிற்கிறார் என்பது முக்கியம். அவரைத் தனியாக எடுத்து ஓரத்தில் நிறுத்திவிட்டால் இருபத்தொருவர் ஆகிவிடும், கணக்கும் குழம்பும்.

அளவைப் பொறுத்தவரை, ஏ3 தாளை நிமிர்த்தி வைத்து எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் உள்ளே 247 அகலமும் 370 உயரமும் கிடைக்கும். பத்து உருவத்துக்கு அந்த அகலம் தாராளம். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி கூட்டிவிடுங்கள். ஐந்தும் ஐந்தும் பத்து என்று கண் தானே பிடித்துக்கொள்ளும். உருவம் 22 மில்லிமீட்டர் உயரம், வரிசைக்கு 30 என்று வைத்தால் எட்டு வரிசைக்கு 240. இரண்டாவது வரிசைக்குக் கீழே 12 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் நோயாளிகள் தனிக் கூட்டமாகத் தெரிவார்கள். மிச்சம் இருக்கிற 118 மில்லிமீட்டர் தலைப்புக்கும் விளக்கத்துக்கும் போகும். மூன்று மொழியிலும் போடுவதாக இருந்தால் அது போதாது. அப்போது எழுத்தைப் பொடியாக்கவேண்டாம், மொழிக்கு ஒரு தாள் அடியுங்கள்.

நிறம்: கொப்பிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்

முதலில் சாம்பல், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் வைத்திருந்தேன். திரையில் பிரமாதமாக இருந்தது. அப்புறம் நிலையத்தில் இருந்தவர் அதைக் கடையில் கறுப்பு வெள்ளையில் முப்பது கொப்பி எடுத்து லேன் லேனாக ஒட்டிவிட்டார். செம்மஞ்சளும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. கடுமையாகிற அந்த ஒருவர் காணாமலே போனார்.

அதன் பிறகு நிறத்தை நம்பி ஒரு வித்தியாசத்தையும் விடுவதில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு வெறும் வெளிக்கோடு. நோயாளிகளுக்கு நிரப்பிய உருவம். கடுமையானவருக்கு நிரப்பிய உருவமும் அதைச் சுற்றி ஒரு தடித்த வட்டமும். இதற்கு மேல் நிறம் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் படம் பேசும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இதுவே உதவும். அச்சுக்குக் கொடுக்க முன் நீங்களே ஒரு கறுப்பு வெள்ளைக் கொப்பி எடுத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

படத்துக்குக் கீழே வரும் சொற்கள்

உருவங்களை அடுக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. ஒரு ஐயா நீண்ட நேரம் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சொன்னார்: "எங்கட லேனில ஒராளுக்குக் கடுமையா வந்திட்டுது. அப்ப மற்றாக்களுக்கு இனி வராதுதானே?" எண்பது பேரில் ஒருவர் என்றதும், அவர் தன்னுடைய லேனில் இருக்கும் எண்பது பேரை நினைத்துக்கொண்டார். அந்த இடம் நிரம்பிவிட்டது, ஆகவே மற்றவர்கள் தப்பினார்கள் என்று கணக்குப் போட்டார்.

மனித உருவம் வைப்பதன் பலமும் இதுதான், ஆபத்தும் இதுதான். சதவீதத்தைப் பார்த்து யாரும் தன் லேனை நினைப்பதில்லை. உருவத்தைப் பார்த்தால் நினைக்கிறார்கள். ஆகவே இது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் புகைப்படம் அல்ல என்று எழுத்தில் சொல்லியாகவேண்டும். நான் கடைசியில் போட்ட வரி இது: "டெங்கு வைரஸ் தொற்றிய 80 பேர் கொண்ட பல கூட்டங்களை எடுத்தால், சராசரியாக ஒவ்வொன்றிலும் 20 பேருக்கு நோய் வெளிப்படும். அந்த 20 பேரில் ஒருவருக்குக் கடுமையாகும். ஒரு கூட்டத்தில் ஒருவருமே இல்லாமலும் போகலாம், இருவர் மூவர் இருக்கவும் கூடும்." கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கடைசி வசனத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

விளக்கக் குறியைத் தாளின் மூலையில் ஒரு பெட்டிக்குள் போடாதீர்கள். இரண்டு வரிசைக்குப் பக்கத்திலேயே "20 பேர்: காய்ச்சலும் நோயும்" என்றும், ஆறு வரிசைக்குப் பக்கத்திலேயே "60 பேர்: அறிகுறி இல்லை" என்றும் எழுதுங்கள். எண்ணை இலக்கத்திலும் போடுங்கள். படத்தைப் பார்க்கிறவர் எண்ணிச் சரிபார்க்க விரும்பலாம், எண்ண முடியாதவர் அந்த இலக்கத்தை நம்பலாம்.

காட்டிப் பார்ப்பது

ஐந்து பேர் போதும். டெங்குப் பற்றியோ வரைபு பற்றியோ வேலை செய்யாதவர்களாகப் பாருங்கள். தாளைப் பத்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்கவேண்டாம், எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். நான் மூன்று கேள்வி கேட்பேன். இந்த எண்பது பேர் யார்? நோய் வந்த எத்தனை பேரில் ஒருவருக்குக் கடுமையாகும்? உங்களுக்கு இப்போது டெங்குக் காய்ச்சல் என்றால், இந்தப் படத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

முதல் கேள்விக்கு "கொழும்பு ஆக்கள்" என்று பதில் வந்தால் தலைப்பில் கூட்டம் தெளிவாக இல்லை. இரண்டாவதுக்கு "எண்பதில்" என்று வந்தால் இரண்டு வரிசையும் ஆறு வரிசையும் போதியளவு பிரியவில்லை. இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது இரண்டு வரிசையைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். மூன்றாவது கேள்விதான் என்னை முழுத் தாளையும் திரும்ப யோசிக்க வைத்தது.

ஐந்து பேரில் நான்கு பேர், தங்களை எண்பது பேரில் ஒருவராகத்தான் வைத்தார்கள். கையை அறுபது பேரின் நடுவில் வைத்துக் காட்டினார்கள். காய்ச்சல் வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும் அங்கேதான் வைத்தார்கள்! ஆனால் காய்ச்சலோடு இருப்பவர் அந்த அறுபது பேரைத் தாண்டி வந்துவிட்டார். அவருடைய கூட்டம் இருபதுதான். எண்பதில் ஒருவர் என்று பார்த்து ஆறுதல் அடைந்து வீட்டில் படுத்திருந்தால், அந்த ஆறுதலைக் கொடுத்தது என்னுடைய படம். எல்லா எண்ணும் சரியாக இருந்தும் படம் தவறான ஆளுக்குத் தவறான கூட்டத்தைக் காட்டிவிட்டது.

ஆகவே சுவரொட்டியை இரண்டாகப் பிரித்தேன். எண்பது உருவத் தாள் சனசமூக நிலையத்துக்கும் லேன்களுக்கும். அங்கே பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுகமாக இருப்பவர்கள், அறிகுறி இல்லாமலும் வைரஸ் உடம்பில் இருக்கலாம், அதனால் வீட்டைச் சுற்றி நீர் தேங்கவிடக்கூடாது என்பது அவர்களுக்கு வேண்டிய செய்தி. அறுபது வெறும் உருவங்கள் அதை நன்றாகவே சொல்கின்றன. டிஸ்பென்சரிகளின் காத்திருப்பு இடத்துக்கு வேறு தாள்: வெறும் இருபது உருவம், இரண்டு வரிசை, ஒருவரைச் சுற்றி வட்டம். தலைப்பு, "டெங்குக் காய்ச்சல் வந்த 20 பேரில்". உருவங்கள் குறைந்ததால் ஒவ்வொன்றும் 45 மில்லிமீட்டர் உயரம் வரை போனது, கதவடியிலிருந்தே தெரிந்தது. கீழே இரண்டே வரி: காய்ச்சலின் மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் ஆபத்து அறிகுறிகள் பெரும்பாலும் தொடங்கும்.

உருவங்கள் போதாத இடம்

நிலையத்தில் ஒருவர் மரணங்களையும் காட்டச் சொன்னார். இலங்கையில் மிக மோசமான டெங்கு ஆண்டு 2017. அந்த ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம். இதை உருவமாக்க ஆயிரம் உருவம் வேண்டும். ஏ3 தாளில் ஆயிரத்தை அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒரு பட்டாணி அளவுக்கு வந்துவிடும், மனித உருவம் என்பதே தெரியாது. புள்ளிகள்தான் மிஞ்சும். அதற்கும் மேலே, அந்த இரண்டு பேரை எண்பது பேர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு படத்துக்கும் கூட்டம் வேறு. 1ஐயும் 2ஐயும் பார்த்துவிட்டு, கடுமையாகிறவர்களைவிட இறக்கிறவர்கள் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே தாளில் இரண்டு விகிதத்தை ஒப்பிடவேண்டும் என்றால் இரண்டுக்கும் மொத்த உருவங்கள் ஒரே எண்ணிக்கையாக இருக்கவேண்டும். அது முடியாவிட்டால் ஒன்றை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மரணங்களை நான் படமாக்கவில்லை. அவருக்கும் காரணத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப டிஸ்பென்சரித் தாளை இன்னும் பத்து அடிப்பம்" என்றார்.